மாத ஆர்டர் முன்கணிப்பின் பிழையை எப்படி அளப்பது? மேப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேப், மேப் என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் பம்புக்கு டீலர்களிடமிருந்து மாதந்தோறும் ஆர்டர் வருகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது கிணறுகள் நிரம்பிவிடும், பம்ப் கேட்டு ஆள் வராது. தை பிறந்து நீர்மட்டம் இறங்க இறங்க ஆர்டர் ஏறும். கீழே உள்ள எண்கள் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக நான் அமைத்தவை. இந்தப் பக்கம் முழுக்க இவையே வரும்.

| மாதம் | வந்த ஆர்டர் | முன்கணிப்பு | பிழை (எண்ணிக்கை) | பிழை (%) |
|---|---|---|---|---|
| அக்டோபர் | 200 | 300 | 100 | 50 |
| நவம்பர் | 100 | 200 | 100 | 100 |
| டிசம்பர் | 160 | 200 | 40 | 25 |
| ஜனவரி | 400 | 360 | 40 | 10 |
| பிப்ரவரி | 800 | 640 | 160 | 20 |
| மார்ச் | 1000 | 800 | 200 | 20 |

ஒவ்வொரு மாதமும் முன்கணிப்புக்கும் வந்த ஆர்டருக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டல் கழித்தல் குறி பாராமல் எடுக்க வேண்டும். அதை வந்த ஆர்டரால் வகுத்து விழுக்காடாக்க வேண்டும். பிறகு அந்த விழுக்காடுகளுக்குச் சராசரி காண வேண்டும். கடைசிப் பத்தியின் கூட்டுத்தொகை 225. அதை 6 மாதத்தால் வகுத்தால் 37.5. இந்தத் தொழிற்சாலையின் மேப் 37.5 விழுக்காடு.

```
MAPE = (100 / n) × Σ ( |A − F| / A )
```

இதில் `A` வந்த ஆர்டர், `F` முன்கணிப்பு, `n` மாதங்களின் எண்ணிக்கை.

நவம்பர் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லாத மாதம். அது மொத்த எண்ணையும் கெடுத்துவிடுகிறதே, ஏன்?

நவம்பரில் தவறியது 100 பம்ப், மார்ச்சில் தவறியது 200. ஆனால் 225 என்ற கூட்டுத்தொகையில் நவம்பர் மட்டும் 100 புள்ளிகளைப் பிடித்துக்கொள்கிறது. மார்ச்சின் பங்கு வெறும் 20. ஒவ்வொரு மாதத்தின் பிழையையும் அந்தந்த மாதத்து ஆர்டரால் தனித்தனியே வகுத்துவிட்டுச் சராசரி எடுப்பதால் வரும் வினை இது. ஆர்டர் எவ்வளவு சிறியதோ, அந்த மாதத்தின் குரல் அவ்வளவு உரக்கக் கேட்கும்.

தொழிற்சாலைத் தளத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. நவம்பரில் மிஞ்சிய 100 பம்பும் பிப்ரவரிக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். மார்ச்சில் 200 பம்ப் இல்லையென்றால் விவசாயி பக்கத்துக் கடையில் வேறு பிராண்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த விற்பனை திரும்ப வராது.

பருவத்துக்குப் பருவம் ஆர்டர் இப்படி ஏறி இறங்கும் பொருளுக்கு வகுத்தலைக் கடைசியில் ஒரே தடவை செய்வதுதான் முறை. பிழைகளின் கூட்டுத்தொகை 640, ஆர்டர்களின் கூட்டுத்தொகை 2660. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 24.1 விழுக்காடு. இதை வேப் என்பார்கள், அதாவது எடையிட்ட பிழை விழுக்காடு. இதில் ஒரு பம்ப் தவறினால் அது எந்த மாதத்தில் தவறினாலும் ஒரு பம்ப்தான். மேலாளர்கள் மேப் என்ற பெயரில் கேட்பது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் என்பது என் எண்ணம்.

முன்கணிப்பைக் குறைத்துப் போட்டால் மேப் தானாகக் குறையும் என்று திட்டப் பிரிவில் ஒருவர் சொன்னார். உண்மையா?

உண்மை. அளவுகோலின் இந்தக் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கு ஊக்கத்தொகையை முடிச்சுப் போடுவது ஆபத்து.

மேலே உள்ள ஆறு முன்கணிப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு 20 விழுக்காடு வெட்டிப் பாருங்கள். அவை 240, 160, 160, 288, 512, 640 என்று ஆகும். பிழை விழுக்காடுகள் முறையே 20, 60, 0, 28, 36, 36. கூட்டினால் 180, மேப் 30. சந்தையைப் பற்றி யாரும் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை, ஆனால் மேப் 37.5இலிருந்து 30க்கு இறங்கிவிட்டது. அதே நேரத்தில் தவறிய பம்புகள் 640இலிருந்து 860 ஆகிவிட்டன, வேப் 32.3க்கு ஏறிவிட்டது. மார்ச்சில் மட்டும் 360 பம்ப் பற்றாக்குறை.

காரணம் வகுத்தலில்தான் இருக்கிறது. ஆர்டர் 100 வரும் இடத்தில் முன்கணிப்பைப் பூஜ்யம் என்றே போட்டாலும் பிழை 100 விழுக்காட்டைத் தாண்டாது. 400 என்று போட்டால் 300 விழுக்காடு, 1000 என்று போட்டால் 900 விழுக்காடு. குறைவாகச் சொல்பவருக்குத் தண்டனைக்கு உச்சவரம்பு உண்டு, கூடுதலாகச் சொல்பவருக்கு இல்லை. ஆகவே மேப்பை மிகக் குறைக்கும் முன்கணிப்பு, ஏறி இறங்கும் ஆர்டர்களின் நடுமதிப்புக்கும் கீழேயே போய் உட்காரும். யாரும் வேண்டுமென்று ஏமாற்ற வேண்டியதில்லை. பல முறைகளை ஓடவிட்டு மேப் குறைவான முறையைத் தேர்ந்தெடுக்கும்படி மென்பொருளை அமைத்திருந்தால், அதுவும் இந்தப் பக்கமாகவே சாயும்.

இது நடக்கிறதா என்பதை அறிய ஒரு வழி, மேப்பையும் வேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மேப் இறங்கும்போது வேப் ஏறினால், முன்கணிப்பு கீழ்நோக்கி நகர்ந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

எங்கள் நிறுவனத்தில் பிழையை முன்கணிப்பால் வகுக்கிறோம். அதில் தவறு உண்டா?

சாய்வு மறுபக்கம் திரும்பும். இப்போது கூடுதலாகச் சொல்பவருக்குத்தான் 100 விழுக்காடு என்ற உச்சவரம்பு கிடைக்கும், எனவே முன்கணிப்பு ஊதிக்கொண்டே போகும். மேலே உள்ள அட்டவணையில் முன்கணிப்பால் வகுத்தால் மேப் 27.4 மட்டுமே. எண்களை மாற்றாமலேயே 10 புள்ளிகள் குறைந்துவிட்டன. இரண்டு நிறுவனங்கள் தங்கள் மேப்பை ஒப்பிட்டுக்கொள்ளும்போது எதனால் வகுத்தோம் என்பதை முதலில் பேசிக்கொள்வது நல்லது. பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை.

மொத்தப் பிழை 160 பம்ப்தான், 6 விழுக்காடு. முன்கணிப்பில் சாய்வு இல்லை என்று சொல்லிவிடலாமா?

முன்கணிப்பிலிருந்து ஆர்டரைக் கழித்து, குறியோடு எழுதிப் பாருங்கள்: +100, +100, +40, −40, −160, −200. கூட்டினால் −160. அதை 2660ஆல் வகுத்தால் −6 விழுக்காடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மூன்று மாதமும் கூடுதல், அடுத்த மூன்று மாதமும் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன.

குறிகள் இப்படிக் கூட்டம் கூட்டமாக வந்தால் முன்கணிப்பு பருவத்தைப் பிடிக்கவில்லை என்று பொருள். அண்மைய மாதங்களின் நகரும் சராசரியை வைத்து ஓட்டினால் இப்படித்தான் வரும்: மழைக்காலத்தில் கோடையின் நினைவும், கோடையில் மழைக்காலத்தின் நினைவும் அதை இழுத்துப் பிடிக்கும். மிகையாகவும் சொல்லக் கூடாது, குறைவாகவும் சொல்லக் கூடாது என்று அஞ்சி நடுவிலேயே நிற்கும் திட்ட அதிகாரியின் எண்களும் இதே வடிவம் கொள்ளும். சாய்வை ஒற்றை எண்ணாகப் போடுவதோடு, குறிகளின் வரிசையையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

சில அலுவலகங்களில் ஆர்டரிலிருந்து முன்கணிப்பைக் கழிப்பார்கள், அப்போது குறிகள் தலைகீழாகும். விற்பனைப் பிரிவு ஒரு விதமாகவும் உற்பத்திப் பிரிவு ஒரு விதமாகவும் கழித்துக்கொண்டிருந்தால் கூட்டத்தில் அரைமணி நேரம் வீணாகும். எந்த முறை என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடலாம்.

எத்தனை விழுக்காடு இருந்தால் நல்ல முன்கணிப்பு?

10 விழுக்காட்டுக்குக் கீழ் மிகத் துல்லியம், 10 முதல் 20 வரை நன்று, 20 முதல் 50 வரை ஏற்கத்தக்கது என்று ஓர் அட்டவணை கைக்குக் கை உலவிக்கொண்டிருக்கிறது. அதை நான் நம்புவதில்லை. மாதத்துக்கு மாதம் அசையாமல் விற்கும் பொருளுக்கு 10 விழுக்காடு பிழை என்பது சோம்பேறித்தனம். பருவத்தைச் சார்ந்த பொருளுக்கு 25 விழுக்காடு சாதனையாகவும் இருக்கலாம். எண் நல்லதா என்பதை, ஒரு முயற்சியும் எடுக்காமல் கிடைக்கும் முன்கணிப்போடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

நம் பம்புக்கு முந்தைய ஆண்டு இதே மாதங்களில் வந்த ஆர்டர்கள் 240, 180, 150, 340, 700, 860 என்று வைத்துக்கொள்வோம். அவற்றை அப்படியே நகலெடுத்து இந்த ஆண்டின் முன்கணிப்பாகப் போட்டிருந்தால் பிழைகள் 40, 80, 10, 60, 100, 140. மொத்தம் 430. வேப் 16.2 விழுக்காடு, மேப் 24.6. திட்டப் பிரிவின் பிழையோ 640. விகிதம் பார்த்தால் 640/430, ஏறக்குறைய 1.49. ஒன்றுக்கு மேல் இருக்கிறது. கூட்டம் கூட்டி, டீலர்களை விசாரித்து, மென்பொருள் ஓட்டித் தயாரித்த முன்கணிப்பு, போன ஆண்டுப் பேரேட்டைப் பார்த்து எழுதியதைவிட மோசம் என்று இதற்கு அர்த்தம். 24.1 என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

ஒப்பிட எதை எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். போன மாத ஆர்டரையே இந்த மாத முன்கணிப்பாக வைத்து ஒப்பிடுபவர்கள் உண்டு. செப்டம்பரில் 260 வந்திருந்தால் அந்த வழியின் பிழைகள் 60, 100, 60, 240, 400, 200, மொத்தம் 1060. விகிதம் 640/1060, அதாவது 0.60. அதே முன்கணிப்பு திடீரென்று வெற்றி பெற்றதாகிவிடுகிறது. பருவம் உள்ள பொருளுக்குப் போன மாதத்தைப் போட்டியாளராக நிறுத்துவது வெல்வதற்காகவே ஆளைத் தேர்ந்தெடுப்பது போன்றது. 12 மாதத்துக்கு முந்தைய எண்தான் நேர்மையான எதிராளி.

இந்தச் சிந்தனைக்கு ராப் ஹைண்ட்மன், ஆன் கோலர் இருவரும் 2006இல் முறையான வடிவம் கொடுத்தார்கள். அவர்களுடைய அளவுகோலின் பெயர் மேஸ். முன்கணிப்பின் சராசரிப் பிழையை, பழைய ஆர்டர் வரலாற்றில் இந்த நகலெடுக்கும் முறை செய்த சராசரிப் பிழையால் அது வகுக்கிறது. மேலே நான் போட்டது அதே ஆறு மாதங்களை வைத்துச் செய்த எளிய விகிதம். மாதாந்தரக் கூட்டத்துக்கு அதுவே போதும். ஆனால் ஆறு மாதம் என்பது மிகக் குறுகிய காலம், ஒரே ஒரு டீலரின் பெரிய ஆர்டர் முடிவைப் புரட்டிப் போட்டுவிடும். குறைந்தது 12 மாதத்தை நகர்த்திக்கொண்டே பார்த்தால்தான் ஒரு முழுப் பருவம் உள்ளே வரும்.

உதிரிப் பாகங்களுக்குப் பல மாதம் ஆர்டரே வருவதில்லை. அவற்றுக்கு மேப் எப்படிப் போடுவது?

போட முடியாது. பூஜ்யத்தால் வகுக்க வழியில்லை. ஆர்டர் வராத மாதங்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுப்பதுதான் வழக்கத்தில் இருக்கும் தந்திரம். அது தவறு. ஆர்டரே வராத மாதத்துக்கு 50 என்று முன்கணித்து, 50 பாகம் அலமாரியில் தூங்கும் பிழைதான் இந்த வகைப் பொருளில் பெரிய பிழை. அதையே கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம்.

அப்படியானால் விழுக்காட்டை விட்டுவிட்டு எண்ணிக்கையிலேயே சராசரிப் பிழையைப் போடலாமே என்று தோன்றும். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. பழைய மாடல் ஒன்றின் இம்பெல்லருக்கு ஆறு மாதத்தில் 0, 0, 12, 0, 3, 0 என்று ஆர்டர் வந்ததாகக் கொள்வோம். மாதச் சராசரி 2.5. ஒவ்வொரு மாதமும் 2.5 என்று முன்கணித்தால் பிழைகளின் கூட்டுத்தொகை 20. ஒவ்வொரு மாதமும் பூஜ்யம் என்று முன்கணித்தால் 15. ஆக இம்பெல்லரை வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்று சொல்பவர் வென்றுவிடுகிறார்! குறி பாராத பிழையின் சராசரி, நடுமதிப்பைச் சொல்பவருக்கே பரிசு தரும். பாதிக்கு மேற்பட்ட மாதங்கள் பூஜ்யம் என்றால் நடுமதிப்பும் பூஜ்யம்தான்.

பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரிசை மாறுகிறது: 2.5க்கு 115.5, பூஜ்யத்துக்கு 153. வர்க்கப் பிழை சராசரியைச் சொல்பவர் பக்கம் நிற்பதால் இத்தகைய பாகங்களுக்கு அதுவே தேவலை. அதன் குறை என்னவென்றால், 12 வந்த அந்த ஒரு மாதமே கணக்கு முழுவதையும் ஆளும். என்னைக் கேட்டால், எப்போதோ ஒரு தடவை கேட்கப்படும் பாகத்துக்கு மாத முன்கணிப்பின் பிழையை அளப்பதைவிட, கேட்ட நாளில் ஸ்டாக்கில் இருந்ததா என்று எண்ணுவதே பயனுள்ளது.

எஸ்-மேப் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்கிறார்களே?

தீர்க்காது. அதில் ஆர்டருக்கும் முன்கணிப்புக்கும் சராசரி எடுத்து அதனால் வகுக்கிறார்கள். ஆர்டர் பூஜ்யமாக இருக்கும்போது முன்கணிப்பு 1 என்றாலும் 500 என்றாலும் விடை 200 விழுக்காடுதான். முன்கணிப்பும் பூஜ்யம் என்றால் மறுபடி வகுக்க முடியாத நிலை. 2000இல் முடிவுகள் வெளியான எம்3 முன்கணிப்புப் போட்டியில் இது பயன்பட்டதால் பெயர் பெற்றுவிட்டது. தொழிற்சாலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே மாதத்துக்கு மூன்று நான்கு தடவை முன்கணிப்பு மாறுகிறது. எதை வைத்துப் பிழை பார்ப்பது?

முடிவு எடுத்த நாளில் கையில் இருந்த முன்கணிப்பை. பம்பின் வார்ப்புகளை ஃபவுண்டரியில் சொல்லி வாங்க இரண்டு மாதம் ஆகிறது என்றால், மார்ச் மாதத்துக்கான வார்ப்பு ஆர்டர் ஜனவரித் தொடக்கத்திலேயே போய்விடும். அன்று மார்ச்சுக்கு என்ன சொல்லியிருந்தோம் என்பதுதான் சோதனைக்கு உரிய எண். மார்ச் 10ஆம் தேதி, பாதி ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு திருத்திய எண்ணை ஒப்பிட்டால் பிழை அழகாகக் குறையும், ஆனால் அந்தத் திருத்தத்தால் ஒரு வார்ப்புகூடக் கூடுதலாக வந்திருக்காது.

இதில் நடைமுறையில் கவிழ்வது எளிய ஓர் இடத்தில்தான்: பழைய எண்ணின் மேலேயே புதிய எண்ணை எழுதிவிடுவார்கள். மாதம் முடிந்து பார்த்தால் ஜனவரியில் என்ன சொன்னோம் என்பதற்குத் தடயமே இருக்காது. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் முன்கணிப்புத் தாளைத் தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமிக்க வேண்டும்.

வந்த ஆர்டர் என்று எதை எடுப்பது? எங்கள் கணினியில் டெஸ்பாட்ச் எண் மட்டுமே சுலபமாகக் கிடைக்கிறது.

டெஸ்பாட்ச் எண்ணை வைத்தால் முன்கணிப்பு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும். மார்ச்சுக்கு 800 என்று கணித்தோம், 800தான் செய்தோம், அதனால் 800தான் அனுப்ப முடிந்தது. பிழை பூஜ்யம்! டீலர்கள் கேட்ட 1000 எங்கும் பதிவாகவில்லை. அடுத்த ஆண்டு முன்கணிப்பும் அந்த 800இலிருந்தே தொடங்கும். எனவே டீலர் கேட்ட எண்ணிக்கையை, அவர் கேட்ட மாதத்தின் கணக்கில் வைக்க வேண்டும்.

அதிலும் கண்ணை மூடி நம்ப முடியாத இரண்டு இடங்கள் உண்டு. சரக்குத் தட்டுப்பாடு என்ற செய்தி பரவினால் 50 வேண்டிய டீலர் 100 எழுதுவார், பாதியாவது கிடைக்கட்டும் என்று. மார்ச் கடைசி வாரத்தில் ஆண்டு இலக்குத் தள்ளுபடிக்காக ஏப்ரல் ஆர்டரை முன்னால் இழுத்துப் போடுவார்கள். மார்ச்சில் குறைத்துச் சொன்னதாகவும் ஏப்ரலில் கூட்டிச் சொன்னதாகவும் தெரியும். இரண்டையும் ஒரே மாதமாகச் சேர்த்து ஒரு தடவை பார்த்தால் உண்மை விளங்கும்.

மொத்தமாகப் பார்த்தால் பிழை 5 விழுக்காடு, மாடல் வாரியாகப் பார்த்தால் 30. எதை அறிக்கையில் காட்டுவது?

எந்த முடிவுக்காகப் பார்க்கிறீர்களோ அந்த மட்டத்தில். ஒரு குதிரைத்திறன் பம்பில் 100 கூடி, ஒன்றரைக் குதிரைத்திறனில் 100 குறைந்தால் மொத்தத்தில் பிழை இல்லை. வங்கிக் கடனையும் ஆள் எண்ணிக்கையையும் திட்டமிடுபவருக்கு அது போதும். காயில் சுற்ற எந்தத் தடிமனில் எவ்வளவு செம்புக் கம்பி வாங்குவது என்று முடிவெடுப்பவருக்கு அந்த 5 விழுக்காட்டால் பயன் இல்லை.

100இலிருந்து மேப்பைக் கழித்துத் துல்லியம் என்று போடலாமா?

ஆர்டர் 100 வந்த மாதத்துக்கு 300 என்று கணித்திருந்தால் துல்லியம் −100 விழுக்காடு என்று வரும். அதைப் பார்க்கச் சகிக்காமல் பூஜ்யம் என்று மாற்றிவிடுவார்கள். அதன்பின் 300 என்று கணித்தவருக்கும் 3000 என்று கணித்தவருக்கும் வேறுபாடு தெரியாது. பிழையைப் பிழையாகவே காட்டுங்கள்.

எக்செலில் இவற்றை எப்படி எழுதுவது?

`B` பத்தியில் வந்த ஆர்டர், `C` பத்தியில் முன்கணிப்பு, `D` பத்தியில் போன ஆண்டின் அதே மாத ஆர்டர் என்று வைத்தால், மேப், வேப், சாய்வு, போன ஆண்டோடு ஒப்பிடும் விகிதம் ஆகியவை இந்த வரிசையில்:

```
=SUMPRODUCT(ABS(B2:B7-C2:C7)/B2:B7)/COUNT(B2:B7)
=SUMPRODUCT(ABS(B2:B7-C2:C7))/SUM(B2:B7)
=(SUM(C2:C7)-SUM(B2:B7))/SUM(B2:B7)
=SUMPRODUCT(ABS(B2:B7-C2:C7))/SUMPRODUCT(ABS(B2:B7-D2:D7))
```

முதல் மூன்றும் பின்னமாக வரும், விழுக்காடு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆர்டர் பூஜ்யமான மாதம் ஒன்று இருந்தால் முதல் வரி `#DIV/0!` என்று நிற்கும். அதை மறைக்க `IFERROR` போட்டுப் பூஜ்யத்தை நிரப்புவது பல தாள்களில் காணக்கிடைக்கும் வழக்கம். அப்படிச் செய்தால் `COUNT` அந்த மாதத்தையும் எண்ணிக்கொள்ளும், ஆர்டரே வராத மாதம் பிழையே இல்லாத மாதமாகப் பதிவாகும். உங்கள் தாளில் மேப் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தால் முதலில் அந்தச் சூத்திரத்தைத் திறந்து பாருங்கள்.